நேற்று ராத்திரி என்ன செய்தாய்?

தொடக்கப் பள்ளியில் பிள்ளைகளின் பல் பராமரிப்பைப் பற்றிக் கணக்கெடுப்பு நடத்தப்போகும் ஆசிரியர்களோடு இன்று பேசுகிறேன்.

மூன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் "தினமும் ரெண்டு வேளை பல் தேய்க்கிறியா?" என்று கேளுங்கள். "ஆமா மிஸ்" என்றுதான் பதில் வரும். டீச்சருக்கு எந்தப் பதில் பிடிக்கும் என்று பிள்ளைக்கு நன்றாகவே தெரியும். அந்தத் தாளை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

அதற்குப் பதிலாக, "நேத்து ராத்திரி சாப்பிட்டதுல இருந்து தூங்குற வரைக்கும் என்னென்ன செஞ்சே?" என்று கேளுங்கள். டிவி பார்த்தேன், பால் குடிச்சேன், பாட்டிகூடப் படுத்துக்கிட்டேன் என்று பிள்ளை வரிசையாகச் சொல்லும். அந்த வரிசையில் பல் தேய்த்தது தானாக வருகிறதா என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். வராவிட்டால் எடுத்துக்கொடுக்காதீர்கள். "ஒரு நாளைக்கு எத்தனை தடவை தேய்க்கணும்?" என்ற கேள்வியைக் கடைசியில் வையுங்கள். முதலில் கேட்டுவிட்டால், பிள்ளை அதற்கேற்ப நேற்றைய ராத்திரியையே மாற்றிச் சொல்லிவிடும்.

ஒரு பேச்சுக்கு, 30 பிள்ளைகளில் 26 பேர் "ரெண்டு தடவை" என்கிறார்கள், ஆனால் நேற்று ராத்திரி தேய்த்ததாகத் தானாகச் சொன்னவர்கள் 7 பேர்தான் என்று வையுங்கள். அந்த வகுப்புக்குப் பாடம் நடத்தி என்ன பயன்? விஷயம் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. பேச வேண்டியது வீட்டில்தான். ராத்திரி ஏன் முக்கியம் என்றால், தூக்கத்தில் எச்சில் சுரப்பது குறைந்துவிடும். பாலும் பிஸ்கட்டும் பல்லில் ஒட்டியபடி தூங்கினால், கிருமிகள் உண்டாக்கும் அமிலத்தைக் கழுவ வாயில் போதிய எச்சில் இருக்காது. அதனால் பாலுக்குப் பிறகு, ஃப்ளோரைடு பேஸ்ட்டால், பக்கத்தில் பெரியவர் ஒருவர் நின்று தேய்க்க வைக்க வேண்டும் என்று பெற்றோரிடம் சொல்லுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால் வேண்டியது பெற்றோரின் சம்மதம். என்ன கேட்கப்போகிறோம், வாயைத் திறந்து பார்ப்போமா மாட்டோமா, தாளில் பெயருக்குப் பதில் எண்தான் இருக்கும், மறுத்தாலும் பிள்ளைக்குப் பள்ளியில் எந்தக் குறையும் வராது என்பதையெல்லாம் ஒரு சீட்டில் வீட்டுப் பேச்சில் எழுதுங்கள். 'சம்மதம்', 'சம்மதமில்லை' இரண்டுக்கும் கட்டம் போடுங்கள். சீட்டு திரும்பி வராததைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்தப் பிள்ளைகளை அப்படியே விட்டுவிடவும் வேண்டாம். வேலைக்கு ஓடுகிற வீடுகளும் படிக்கத் தெரியாத வீடுகளும்தான் அதில் அதிகம் இருக்கும். அவர்களை விட்டால் வகுப்பின் பழக்கம் உண்மையைவிட நன்றாக இருப்பதுபோலத் தெரியும். சாயங்காலம் கூட்டிப்போக வரும்போது வாசலில் நின்று படித்துக்காட்டுங்கள்.

அம்மா சம்மதித்தாலும் பிள்ளையிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். வேண்டாமென்றால் விட்டுவிடுங்கள். கேட்கும்போது பல் வலிக்கிறது என்று ஒரு பிள்ளை சொன்னால், அன்றே பெற்றோரைத் தனியாக அழைத்துச் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்வோம் என்பதையும் சம்மதச் சீட்டிலேயே எழுதிவிடுங்கள்.