கேட்கப்படாத நான்கு கேள்விகள்



வங்கிப் பணியிலிருந்து அறுபது வயதில் விடைபெற்று வந்த உங்களில் பலர் மீண்டும் வேலைக்குப் போக விரும்புகிறீர்கள். சிலருக்கு வருமானம் தேவைப்படுகிறது. சிலருக்கு வேலையே தேவைப்படுகிறது. இரண்டும் நியாயமானவை. இன்று நான் பேச வந்தது ஒரே ஒரு இடத்தைப் பற்றி: நேர்முகத்தில் எதிரே இருப்பவர் உங்கள் வயதைப் பார்த்துத் தயங்குகிறாரே, அந்தச் சில நிமிடங்களைப் பற்றி.

முதலில் ஒரு உண்மையை ஏற்றுக்கொள்வோம். தனியார் நிறுவனம் ஒருவரை வயதைக் காரணம் காட்டி மறுக்கக் கூடாது என்று தடுக்கும் தனிச் சட்டம் நம் நாட்டில் இல்லை. ஆகவே அங்கே உரிமை பேசிப் பயனில்லை. எதிரே இருப்பவருக்கு நம்பிக்கை வரவேண்டும். பெரும்பாலும் அவர் வயதைப் பற்றி நேராகக் கேட்கமாட்டார். மரியாதைக்காக, "சார், நாங்க சொல்லி அனுப்புறோம்" என்று முடித்துவிடுவார். அந்த மரியாதைக்குப் பின்னால் நான்கு கேள்விகள் நிற்கின்றன. எவ்வளவு நாள் இருப்பார்? என் பேச்சைக் கேட்பாரா? கம்ப்யூட்டரில் வேலை பார்ப்பாரா? உடம்பு ஒத்துழைக்குமா? அவர் கேட்காவிட்டாலும் நீங்கள் பதில் சொல்லிவிட்டு எழுந்து வரவேண்டும். இதுதான் என் பேச்சின் சாரம்.

ஒரு உதாரணம் வைத்துப் பார்ப்போம். கோவையில் பம்ப் தயாரிக்கும் ஒரு சிறு தொழிற்சாலை என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலாளிக்கு வயது முப்பத்தெட்டு, அப்பாவிடமிருந்து பொறுப்பேற்றவர். வங்கியில் ஒரு கோடி ரூபாய் கேஷ் கிரெடிட் வரம்பு இருக்கிறது. வங்கிக் கணக்குகளைக் கவனிக்க ஒருவர் வேண்டும். கடன் பிரிவில் பல ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்ற ஓர் அதிகாரி நேர்முகத்துக்குப் போகிறார்.

வழக்கமாக என்ன நடக்கும்? எந்தெந்தக் கிளையில் இருந்தோம், எந்த ஸ்கேலில் ஓய்வு பெற்றோம், எத்தனை பேர் நமக்குக் கீழே இருந்தார்கள் என்று சொல்லத் தொடங்குவோம். கேட்கும் இளைஞருக்கு என்ன தோன்றும்? இவரிடம் நான் எப்படி வேலை வாங்குவது என்றுதான் தோன்றும். நாம் பெருமையாகச் சொன்னதே அவருடைய பயத்தை வளர்த்துவிடுகிறது.

அதற்குப் பதிலாக நம் நண்பர் இப்படிக் கேட்கிறார்: "போன மாத ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டைக் கொஞ்சம் பார்க்கலாமுங்களா?" முதலாளி எடுத்துக் கொடுக்கிறார். சரக்கு 80 லட்சம். அதில் 20 லட்சத்துக்கு இன்னும் பணம் கொடுக்கவில்லை. ஆக வங்கி கணக்கில் எடுப்பது 60 லட்சம். 25 சதவீத மார்ஜின் போனால் 45 லட்சம். வாடிக்கையாளர்களிடமிருந்து வரவேண்டியது 90 லட்சம். ஆனால் அதில் 30 லட்சம் தொண்ணூறு நாளைத் தாண்டிய பாக்கி. வங்கி அதை ஏற்காது. மீதி 60 லட்சத்தில் 25 சதவீதம் போனால் இதுவும் 45 லட்சம். இரண்டையும் கூட்டினால் டிராயிங் பவர் 90 லட்சம்.

வரம்பு ஒரு கோடி என்பதால் முதலாளி 96 லட்சம் எடுத்திருக்கிறார். தனக்கு இன்னும் 4 லட்சம் பாக்கி இருக்கிறது என்று நினைக்கிறார். வங்கியின் கணக்கில் அவர் 6 லட்சம் அதிகமாக எடுத்தவர். இந்த நிலை தொடர்ந்து முப்பது நாளைத் தாண்டினால் கணக்கு எஸ்.எம்.ஏ.–1 என்று குறிக்கப்படும். அறுபதைத் தாண்டினால் எஸ்.எம்.ஏ.–2, தொண்ணூறைத் தாண்டினால் வாராக் கடன். தொழில் நன்றாக நடந்துகொண்டிருக்கும்போதே இப்படி நடக்கும். ஸ்டேட்மென்ட்டையே மூன்று மாதத்துக்கு மேல் கொடுக்காமல் விட்டாலும், கடைசியாகக் கொடுத்த பழைய ஸ்டேட்மென்ட்டை வைத்து எடுக்கும் பணம் ஒழுங்கற்றதாகவே கருதப்படும்.

இதைக் காகிதத்தில் போட்டுக் காட்டிவிட்டு நம் நண்பர் சொல்கிறார்: "அந்த 30 லட்சத்தில் 8 லட்சம் வசூலானால் போதுமுங்க. கணக்கில் கட்டினால் இருப்பு 88 லட்சத்துக்கு இறங்கிவிடும். அது பழைய பாக்கி என்பதால் டிராயிங் பவர் குறையாது. எந்தப் பில்லை முதலில் துரத்துவது என்று நான் பட்டியல் போட்டுத் தருகிறேன்." அந்த நிமிடத்தில் முதலாளி பார்ப்பது அறுபது வயதை அல்ல. தன் வங்கி தன்னை எப்படிப் பார்க்கிறது என்பதை முதன்முறையாகப் பார்க்கிறார். மேசையின் அந்தப் பக்கத்தில் ஆண்டுக்கணக்காக உட்கார்ந்தவரால்தான் இதைச் சொல்ல முடியும். உங்கள் வயதின் மதிப்பு இதுதான். இதைச் சொல்லாமல் காட்டவேண்டும்.

இனி அந்த நான்கு கேள்விகளுக்கு வருவோம்.

எவ்வளவு நாள் இருப்பீர்கள்? "உடம்பு இருக்கிற வரைக்கும்" என்று சொல்லாதீர்கள். அது கேட்பவருக்குக் கவலையைத்தான் தரும். "இரண்டு ஆண்டுகள் உறுதியாக இருப்பேன். அதற்குள் உங்கள் கணக்குப் பிரிவில் இருக்கும் ஒரு பிள்ளைக்கு இந்த வேலையைப் பழக்கிவிடுகிறேன்" என்று சொல்லுங்கள். காலமும் தெரிகிறது, நீங்கள் போன பிறகு வேலை நிற்காது என்பதும் தெரிகிறது.

இளையவர் சொல்வதைக் கேட்பீர்களா? நேரடித் தேர்வில் வந்த இளம் அதிகாரி மேலாளராக அமர, அவருக்குக் கீழே மூத்தவர்கள் வேலை பார்ப்பது வங்கியில் புதிதல்ல. உங்களுக்கும் அப்படி ஒரு காலம் இருந்திருக்கும். அதிலிருந்து ஒரு நிகழ்ச்சியைச் சொல்லுங்கள்: அவர் எடுத்த எந்த முடிவில் உங்களுக்கு உடன்பாடு இல்லை, அதை எப்படித் தெரிவித்தீர்கள், முடிவான பிறகு எப்படி நடத்திக் கொடுத்தீர்கள். "எனக்கு ஈகோ கிடையாது" என்ற வாக்கியத்தை யாரும் நம்புவதில்லை. நடந்ததைச் சொன்னால் நம்புவார்கள்.

கம்ப்யூட்டர் தெரியுமா? இங்கே நேர்மை வேண்டும். நாம் பழகியது வங்கியின் மென்பொருள். அங்கே இருப்பது டேலியும் எக்செலும் ஜி.எஸ்.டி. தளமும். நேர்முகத்துக்குப் போகும் முன்பே, தெரிந்த ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் கேட்டு உட்காருங்கள். டேலி முழுவதும் கற்க வேண்டாம். பாக்கிகளை நாள்கணக்கில் பிரித்துக் காட்டும் அறிக்கை, சரக்கிருப்புச் சுருக்கம், இந்த இரண்டையும் எடுத்து எக்செலில் டிராயிங் பவர் போடுவது, ஜி.எஸ்.டி. விவரத்தில் காட்டிய விற்பனையும் வங்கிக்குக் காட்டிய விற்பனையும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பது, இவ்வளவு போதும். பிறகு தைரியமாகச் சொல்லுங்கள்: "வவுச்சர் போடுவதில் எனக்கு வேகம் இல்லை. அறிக்கை எடுத்துப் படிப்பேன், தப்பு எங்கே என்று சொல்வேன்." தெரியாததை எல்லை போட்டுச் சொல்பவர், தெரியும் என்று சொல்வதற்கு எடை கூடும்.

உடம்பு ஒத்துழைக்குமா? நோயின் வரலாற்றைச் சொல்ல வேண்டியதில்லை. வேலைக்கு வேண்டியதை மட்டும் சொல்லுங்கள். "வாரம் மூன்று நாள் முழுதாக வருவேன். இரவுப் பயணம் வேண்டாம். மாதம் 7ஆம் தேதிக்குள் ஸ்டேட்மென்ட் வங்கிக்குப் போய்விடும். நான் வராத நாளிலும் அது நிற்காதபடி படிப்படியாக எழுதி வைப்பேன்." எதைச் செய்வீர்கள், எதைச் செய்யமாட்டீர்கள் என்பது தெளிவானால் உடம்பைப் பற்றிய சந்தேகம் பெரும்பாலும் அடங்கிவிடும்.

நண்பர்களே, சம்பளம் பேசும் முன் மூன்று காரியங்களைக் கவனியுங்கள்.

ஒன்று: வங்கி ஓய்வூதியம் பெறும் அதிகாரிகள், ஓய்வு பெற்ற ஓராண்டுக்குள் தனியார் வேலையில் சேர்வதாக இருந்தால், வங்கியின் முன் அனுமதியை எழுத்தில் பெறவேண்டும். வேலை கிடைத்த பிறகு ஓடாதீர்கள், முன்பே விண்ணப்பியுங்கள்.

இரண்டு: வருமான வரி. ஓய்வூதியம் தரும் வங்கி அந்தத் தொகைக்கு மட்டும் வரி கணக்கிடும். புதிய நிறுவனம் தன் சம்பளத்துக்கு மட்டும் கணக்கிடும். இரண்டையும் சேர்த்தால் ஆண்டு முடிவில் பெரிய தொகை கட்ட நேரும். ஓய்வூதியத்தைப் புதிய நிறுவனத்திடம் சொல்லி, மொத்தத்துக்கும் பிடிக்கச் சொல்லுங்கள். சம்பளமாக இல்லாமல் ஆலோசகர் கட்டணமாக வாங்கினால் இன்னொன்று உண்டு. தொழில் வருமானம் இல்லாத, அறுபது வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு முன்வரி கட்டுவதிலிருந்து விலக்கு இருக்கிறது. ஆலோசனைக் கட்டணம் தொழில் வருமானமாகிவிடுவதால் அந்த விலக்கு போய்விடும்.

மூன்றாவதுதான் மிக முக்கியம். சிலர் உங்களை வேலைக்குக் கூப்பிடுவது உங்கள் அறிவுக்காக இருக்காது. "உங்க பழைய மேனேஜர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லி லிமிட்டை ஏத்திக் கொடுங்க சார்" என்பதற்காக இருக்கும். பாக்கியின் தேதியை மாற்றிப் போடவும், இல்லாத சரக்கை ஸ்டேட்மென்ட்டில் ஏற்றவும் சொல்வார்கள். கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போடவும் கேட்பார்கள். முதல் நாளிலேயே சொல்லிவிடுங்கள்: "கோப்பைச் சரியாகத் தயாரித்துத் தருவேன். சிபாரிசுக்குப் போகமாட்டேன். சொந்த ஜாமீன் தரமாட்டேன்." இதைக் கேட்டு ஒருவர் உங்களை வேண்டாம் என்றால், அந்த வேலை உங்களுக்கும் வேண்டாம். உங்கள் ஓய்வூதியமும் பெயரும் அதைவிடப் பெரியவை.

ஓய்வு பெற்றோரின் இந்தச் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். மாதக் கூட்டத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். தொழில் நடத்தும் ஒருவரை அழைத்து முதலாளியின் நாற்காலியில் உட்கார வையுங்கள். வேலை தேடும் உறுப்பினர் எதிரே உட்காரட்டும். ஒரு மாதிரி ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டைக் கையில் கொடுத்து, டிராயிங் பவர் போடச் சொல்லுங்கள். பிறகு அந்த நான்கு கேள்விகளையும் முகத்துக்கு நேரே கேளுங்கள். மற்றவர்கள் கவனித்து, எங்கே பதவி பேசினார், எங்கே வேலை பேசினார் என்று சொல்லட்டும். இங்கே ஒருமுறை தடுமாறியவர் அங்கே தடுமாறமாட்டார். அடுத்த மாதமே தொடங்குங்கள். முதல் நாளில் முதலாளியின் நாற்காலியில் உட்கார நான் வருகிறேன்.