"சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன்"

(கூட்டமைப்பின் ஆண்டுக் கூட்டத்தில் குழுப் பொருளாளர் ஒருவர் பேசியது)

சேமிப்பு, கடன் பத்தி மத்தவங்க பேசிட்டாங்க. நான் என் வீட்டு விஷயம் ஒண்ணு பேசப்போறேன். வீட்டுக்காரர்கிட்ட சொல்லிட்டுத்தான் வந்திருக்கேன்.

நான் பொருளாளர் ஆன புதுசுல, கையெழுத்து ஒத்துப்போகலைன்னு பேங்க்ல ஒரு தடவை செக்கைத் திருப்பிட்டாங்க. அதை இவர்கிட்ட சொன்னேன். அவ்வளவுதான். வளைகாப்பு, காதுகுத்து, எங்கே போனாலும் "எங்க வீட்டுப் பொருளாளர் கையெழுத்துப் போட்டா கோழி கிளறின மாதிரி இருக்கும்"பார். எல்லாரும் சிரிப்பாங்க. நானும் சேர்ந்து சிரிச்சேன். வீட்டுக்கு வந்து "மனசு கஷ்டமா இருக்குங்க"ன்னா, "சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன். நீ ஒரு தொட்டாச்சிணுங்கி"ம்பார். அதுக்கப்புறம் பேச்சு அவர் சொன்னதைப் பத்தி இருக்காது, என் குணத்தைப் பத்தி ஆயிடும். கடைசியில் நானே மன்னிப்புக் கேட்டு முடிப்பேன்.

ஒரு வருஷத்துல, பேங்க்ல பேனாவைப் பிடிச்சாலே கை நடுங்க ஆரம்பிச்சது. கை நடுங்கினா கையெழுத்து மாறத்தானே செய்யும்? பொறுப்பை வேற யாருக்காவது கொடுத்திடுங்கன்னு குழுவில் சொல்லிட்டேன். ஊக்குநர் அக்கா தனியாக் கூப்பிட்டு விசாரிச்சப்பதான் எல்லாத்தையும் சொன்னேன்.

அக்கா கேட்டது ஒரே கேள்வி. "அவர் முதலாளியை நாலு பேர் முன்னாடி இப்படிக் கிண்டல் பண்ணுவாரா?" மாட்டார். அப்போ எங்கே நிறுத்தணும்னு அவருக்குத் தெரியுது. கிண்டல் எல்லா வீட்டிலும் உண்டு, அவர் குறட்டையை நானும் கிண்டல் பண்ணியிருக்கேன். வேண்டாம்னு சொன்ன பிறகும் அதே இடத்துல குத்தினா, அது விளையாட்டு இல்லை.

ஒருநாள் ராத்திரி சாப்பிட்டு முடிச்சு அமைதியா இருந்த நேரத்துல, "என் கையெழுத்தைப் பத்தி வெளியில பேசாதீங்க"ன்னு அந்த ஒண்ணை மட்டும் சொன்னேன். "உனக்கு ரோஷம் ஜாஸ்தி"ன்னார். "ஜாஸ்தின்னே வெச்சுக்கங்க. அப்பவும் பேசாதீங்க"ன்னேன். அடுத்த விசேஷத்துல மறுபடி ஆரம்பிச்சார். நான் சிரிக்கல. "இது எனக்குப் பிடிக்கலைங்க"ன்னு மெதுவாச் சொல்லிட்டு பாயசம் பரிமாறப் போயிட்டேன். மாமியார் திட்டினாங்க. இவர் ரெண்டு நாள் பேசல. அந்த ரெண்டு நாள்தான் எனக்குக் கஷ்டமா இருந்துச்சு.

ஒண்ணு சொல்லணும், இது கை நீட்டாத ஆள்கிட்ட செய்யுறது. அடிக்கிற ஆளா இருந்தா கூட்டத்துல எதிர்த்துப் பேச வேண்டாம். குழுவில் நம்பிக்கையான ஒருத்தர்கிட்ட சொல்லுங்க, 181-க்குப் போன் பண்ணுங்க. 2005-ல் வந்த குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்துல அவமானப்படுத்துறது, ஏளனம் பண்றதும் வன்முறைன்னே இருக்கு. குழந்தை இல்லை, ஆம்பளப் பிள்ளை இல்லைன்னு ஏளனம் பண்றதை அதுல தனியாவே சொல்லியிருக்காங்க.

இவர் கையெழுத்துப் பேச்சை விட்டுட்டார். அவர் தம்பி வீட்டுக்குப் போனா மட்டும் என் சமையல் பக்கம் நாக்கு போகும். என் முகத்தைப் பார்த்துட்டு நிறுத்திக்குவார், சில சமயம் நிறுத்தவும் மாட்டார். பொருளாளர் இன்னும் நான்தான். போன மாசம் கடன் பத்திரத்துல எட்டு இடத்துல கையெழுத்துப் போட்டேன், ஒண்ணுகூடத் திரும்பி வரலை.