சந்தைக்கேற்ற விலையும் ஊவாத் தேயிலையும்

நாணய மாற்று வீதம் மாறும்போது ஏற்றுமதியாளர் வெளிநாட்டு விலையைத் தொடாமல், அந்த மாற்றத்தைத் தம் இலாபத்தில் ஏற்றுக்கொள்வதே சந்தைக்கேற்ற விலையிடல். போல் குரூக்மனின் 1987ஆம் ஆண்டுக் கட்டுரையே இதைப் பொருளியலில் நிலைநிறுத்தியது. 1980களின் முற்பாதியில் டொலர் வலுத்தபோது, அமெரிக்காவில் ஜெர்மன் கார்களின் விலை அதற்கேற்ப இறங்கவில்லை. அதே காரை ஜெர்மனியில் மலிவாக வாங்கித் தாமே கப்பலேற்றியவர்களும் இருந்தார்கள். இரு சந்தைகளையும் வேலி போட்டுப் பிரித்து வைக்க முடிந்தவருக்கே இந்த வித்தை கைகூடும்.

ஊவாவின் தேயிலைக்கு அந்த வேலி இருக்கிறதா? பெட்டியிலும் சாக்கிலும் மொத்தமாகப் போகும் தேயிலைக்கு அநேகமாக இல்லை. டொலரில் விலை பேசும் வாங்குபவர் கென்யாவையும் இந்தியாவையும் பார்த்துக்கொண்டே பேசுகிறார். அங்கே டொலர் விலை அசையாதிருந்தால், அது விற்பவர் தேர்ந்தெடுத்த உத்தியன்று. அவருக்கு வேறு வழியில்லை. சொந்தப் பெயரில் பைக்கற்றாகக் கடைத் தட்டில் இருக்கும் தேயிலையின் கதை வேறு. விலையைச் சற்று உயர்த்தினாலும் பக்கத்திலுள்ள பைக்கற்றுக்குக் கை போய்விடும் என்ற அச்சத்தில் ஏற்றுமதியாளர் இலாபத்தைக் குறைத்துக்கொள்கிறார். சரியான பொருளில் சந்தைக்கேற்ற விலையிடல் இதுதான்.

2023இன் தொடக்கத்தில் 360 ரூபாயை ஒட்டியிருந்த டொலர், சில மாதங்களில் 300ஐ நெருங்கி இறங்கியது. அந்த இறக்கத்தின் ஒரு பகுதியைக் கற்பனைக் கணக்காகப் பார்க்கலாம். ஒரு கிலோ பைக்கற் தேயிலை 6 டொலர். 360 வீதத்தில் 2,160 ரூபாய். ஏலத்தில் தேயிலைக்கு 1,300, பொதிக்கும் பிறவற்றுக்கும் 600 போனால் மீதி 260. டொலர் 320 ஆனதும் வரவு 1,920. மீதி வெறும் 20. பழைய ரூபாய் வரவைக் காக்க 6.75 டொலர் கேட்க வேண்டும். யாரும் கேட்பதில்லை.

ஆனால் கணக்கு அங்கே முடிவதில்லை. கொழும்பு ஏலம் ரூபாயில் நடக்கிறது. இலாபம் சுருங்கிய ஏற்றுமதியாளர் அடுத்த வாரம் குறைத்தே கேட்பார். விலை 1,300இலிருந்து 1,150க்கு இறங்கினால் அவருடைய மீதி மறுபடி 170 ஆகும். 150 ரூபாய் மலையேறித் தோட்டத்தின் தலையில் விழும். கொழுந்து வாங்கும் தொழிற்சாலைகள் விற்பனை விலையில் 68 சதவீதத்தைச் சிறுதோட்டக்காரருக்குக் கொடுக்கும் முறைப்படி, அதில் 102 ரூபாய் அவர்களுடையது. நூறு கிலோ பச்சைக் கொழுந்துக்கு 21.5 கிலோ தூள் கிடைக்குமென்றால், பதுளைப் பக்கத்துச் சிறுதோட்டக்காரர் கிலோ கொழுந்துக்கு ஏறத்தாழ 22 ரூபாய் இழக்கிறார். பாடநூல் ஏற்றுமதியாளரின் இலாபம் என்று சொல்வது, இங்கே ஏலத்தின் வழியே பலருக்குப் பிரிந்துபோகிறது. பொதியிடும் பொருள்களில் இறக்குமதியாகுபவை ரூபாயில் மலிவதால் அடி ஓரளவு தணியும்.

ரூபாய் வீழும் எதிர்த் திசையில் இந்தப் பங்கீடு இன்னும் ஏறுமாறானது. 2022 மார்ச்சில் மத்திய வங்கி ரூபாயின் மீதான பிடியை விட்டதும், 200ஐச் சற்றுத் தாண்டியிருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. ஏலச் சராசரி 2021இல் கிலோவுக்கு 620 ரூபாயளவில் இருந்து 2022இல் 1,270 அளவுக்கு ஏறியது. தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளமோ 2021இல் நிர்ணயித்த 1,000 ரூபாயிலேயே நின்றது. டொலரில் எண்ணினால், ஐந்தாக இருந்தது மூன்றுக்குக் கீழே போனது. 1,350 ஆக உயர்ந்தது 2024 செப்டெம்பரில்தான்.

இந்த ஏற்றம் முழுவதையும் நாணயத்தின் கணக்கில் எழுதுவது தவறு. 2021இன் இரசாயன உரத் தடையால் நாட்டின் விளைச்சல் 30 கோடிக் கிலோவுக்கு அருகிலிருந்து 2022இல் 25 கோடியளவுக்கு வீழ்ந்தது. தட்டுப்பாடே டொலர் விலையையும் தூக்கியது. ஆகவே ஒரே விலை வரிசையை வைத்து, இலாபம் எவ்வளவு உள்வாங்கியது என்று சொல்ல முடியாது.

இதற்கு மைக்கேல் நெட்டர் 1989இல் கையாண்ட வழி உதவும். ஒரே ஏற்றுமதிப் பொருள் பல நாடுகளுக்குப் போகும்போது, செலவு எல்லாவற்றுக்கும் பொது. நாட்டுக்கு நாடு விலை மாறும் வேறுபாட்டை அந்தந்த நாணயத்தோடு ஒப்பிட்டால் இலாபத்தின் அசைவு தெரியும். ஜெர்மன் ஏற்றுமதியாளர் இப்படி வளைந்துகொடுத்ததையும், அமெரிக்கர் அந்தளவு வளையாததையும் அவர் கண்டார். ஊவாவுக்கு இந்தச் சோதனை நன்றாகவே பொருந்தும். யூலை முதல் செப்டெம்பர் வரை, கச்சான் காற்றில் மணம் ஏறும் பருவத் தேயிலையை ஜப்பானும் ஜெர்மனியும் விரும்பி வாங்குகின்றன. 2022இல் யென், யூரோவை விடக் கூடுதலாக டொலருக்கெதிரே சரிந்தது. அந்தப் பருவத்தில் ஜப்பானுக்கான டொலர் விலை ஜெர்மனியினதை விடக் கூடுதலாக இறங்கியிருந்தால், ஏற்றுமதியாளர் யென்னின் சுமையைத் தாங்கினார் என்று கொள்ளலாம். ஆய்வாளர்கள் எடுத்துப் பார்க்கத் தக்க கேள்வி இது.

தடை தரத்தில் இருக்கிறது. ஒரே தொழிற்சாலையின் ஒரே தரப்பெயர் கொண்ட தேயிலை, காற்று வீசிய வாரத்தில் ஒரு விலையும் மழை பெய்த வாரத்தில் இன்னொரு விலையும் பெறுகிறது. சுங்கப் பதிவுகள் இவற்றை ஒரே தலைப்பில் கூட்டிவிடுகின்றன. ஜப்பானுக்கு மணம் கூடிய தேயிலை போயிருந்தால், உண்மையில் விட்டுக்கொடுத்த விலைகூடப் பதிவில் உயர்ந்தே தெரியும். ஏலத்தின் தொகுதி எண்ணையும் கப்பலேற்றிய ஆவணத்தையும் இணைத்துப் பார்த்தால்தான் இது பிரியும். கலவை செய்து அனுப்பும் நிறுவனங்களிடம் அந்த இணைப்பும் பாதியில் அறுந்துபோகிறது.