வெள்ளைத்தாளும் சிவப்புப் பேனாவும்

(சாமளாபுரத்தில் நடந்த குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பத்தாம் வகுப்பில் இதயப் பாடம் நடத்தி ஒரு வாரம் கழித்துத் தேர்வு வைத்தேன். நன்றாகப் படிப்பவள் என்று நான் நினைத்திருந்த ஒரு மாணவி, இரத்த ஓட்டம் பற்றிய வினாவுக்கு நான்கு வரி எழுதி நிறுத்தியிருந்தாள். கூப்பிட்டுக் கேட்டேன். "மூணு தடவை படிச்சனுங்க சார். புக்கைப் பார்த்தா எல்லாம் தெரியுதுங்க. பேப்பர்ல வர மாட்டேங்குதுங்க. நான் பத்தாவதோட பனியன் கம்பெனிக்குப் போயிக்கறேனுங்க" என்றாள்.

அவள் பொய் சொல்லவில்லை. மூன்றாம் முறை படிக்கும்போது வரிகள் பழகிய முகம்போலத் தெரியும். அந்தப் பழக்கத்தை அவள் நினைவு என்று எண்ணிவிட்டாள். தேர்வில் புத்தகம் இல்லை. முகத்தைப் பார்க்காமலே வரைய வேண்டும்.

அவளுக்காகத்தான் பிளர்ட்டிங் என்னும் முறையைத் தொடங்கினேன். எங்கள் வகுப்பில் அதற்குப் பெயர் 'கொட்டி எழுதுதல்'. ஒரு சிறு பகுதியை, இரண்டு பக்கத்துக்கு மேல் போகாமல், படிக்க வேண்டும். புத்தகத்தை மூடிப் பைக்குள் வைத்துவிட வேண்டும். உடனே எழுதக் கூடாது. நான் வருகைப் பதிவு எடுப்பது போல வேறு ஏதாவது ஐந்து நிமிடம் நடக்கட்டும். பிறகு வெள்ளைத்தாளின் மேலே தலைப்பை மட்டும் எழுதி, நினைவில் இருப்பதையெல்லாம் பத்து நிமிடம் கொட்ட வேண்டும். வரிசை, கையெழுத்து, பிழை எதுவும் பொருட்டல்ல. பேனா நின்ற பிறகும் இரண்டு நிமிடம் அப்படியே உட்காரச் சொல்லுங்கள். பல தாள்களில் நல்ல வரிகள் அப்போதுதான் வந்தன. கடைசியாகப் புத்தகத்தைத் திறந்து, விட்டதையும் தவறியதையும் சிவப்பில் எழுத வேண்டும்.

அவளுடைய முதல் தாளைச் சொல்கிறேன். நான்கு அறைகள் இருந்தன. வலது ஆரிக்கிளிலிருந்து வலது வெண்ட்ரிக்கிளுக்கு, அங்கிருந்து நுரையீரலுக்கு என்று சரியாகப் போயிருந்தாள். அடுத்த வரியிலேயே இரத்தம் உடல் முழுவதும் ஓடியது! நுரையீரல் சிரை இல்லை, இடது ஆரிக்கிள் இல்லை. வால்வுகளில் மூவிதழ் வால்வு மட்டும் இருந்தது. 'தமனியில் ஆக்சிஜன் மிகுந்த இரத்தம் மட்டுமே செல்லும்' என்றும் எழுதியிருந்தாள். ஆக, விட்டுப்போனது ஒரு வகை, தவறாகப் பதிந்தது இன்னொரு வகை. விட்டதை மீண்டும் படித்தால் போதும். தவறானதை விளக்கித்தான் திருத்த முடியும். இரண்டுக்கும் ஒரே சிவப்பு என்றால் வித்தியாசம் தெரியாமல் போகும் என்பதால், தவறுகளுக்கு வட்டம் போடச் சொன்னேன்.

ஒப்பிடும் இடத்தில்தான் பிள்ளைகள் ஏமாறுகிறார்கள். "இது எனக்குத் தெரியும், எழுத மறந்துட்டேன்" என்று சிவப்பிடாமல் விட்டுவிடுவார்கள். தாளில் இல்லையென்றால் இல்லைதான். சிலர் சிவப்பில் பத்தி பத்தியாகப் பார்த்து எழுதிவிட்டு, வேலை முடிந்தது என்று மூடி வைப்பார்கள். அது வெறும் நகல். மூன்று நாள் கழித்துப் புதிய தாளில் மறுபடி கொட்ட வேண்டும். அதே இடத்தில் மீண்டும் சிவப்பு விழுந்தால், படிக்காததல்ல காரணம், அந்த இடம் புரியவில்லை என்று வைத்துக்கொள்கிறேன். மதிப்பெண் மட்டும் போடாதீர்கள். போட்டால் பக்கத்துத் தாளைப் பார்ப்பார்கள்.

ரோடிகர், கார்பிக் என்ற இரு உளவியலாளர்கள் அமெரிக்காவில் கல்லூரி மாணவர்களிடம் இதைச் சோதித்து 2006-இல் வெளியிட்டார்கள். ஒரு பத்தியை இருமுறை படித்தவர்கள் ஒரு பக்கம்; ஒருமுறை படித்து, பிறகு நினைவிலிருந்து எழுதியவர்கள் இன்னொரு பக்கம். ஐந்து நிமிடத்தில் கேட்டபோது இருமுறை படித்தவர்களே முந்தினார்கள்: 81 சதவீதம், மற்றவர்கள் 75. ஒரு வாரம் கழித்து அது 42, 56 என்று திரும்பிவிட்டது. அதனால்தான் தேர்வுக்கு முந்தைய இரவு திரும்பத் திரும்பப் படிப்பது பலன் தருவதுபோலத் தோன்றுகிறது. இதற்கும் எல்லை உண்டு. கணக்கில் சூத்திரத்தைக் கொட்டலாம். எந்தச் சூத்திரம் எங்கே என்பதற்குக் கணக்குப் போட்டுத்தான் ஆக வேண்டும்.

நம் ஊரில் இன்னொரு வசதியும் கண்டேன். வீட்டுக்குள்ளேயே விசைத்தறி ஓடும் பிள்ளைகளுக்குச் சத்தமாக மனப்பாடம் செய்ய முடியாது. தாளில் கொட்டுவதற்குத் தறிச் சத்தம் தடையில்லை என்கிறார்கள்.

அந்தத் 'தமனி' வரிக்கு வருகிறேன். வகுப்பின் எல்லாத் தாள்களையும் வாங்கிப் பார்த்தபோது பாதிக்கு மேல் அதே வட்டம் இருந்தது. இத்தனை பேர் ஒரே தவறைத் தாமாகவா கண்டுபிடித்தார்கள்? கரும்பலகையில் சிவப்பும் நீலமுமாக வரைந்து, "தமனின்னா நல்ல இரத்தம்" என்று சொன்னது நான்தான். இதயத்திலிருந்து வெளியே கொண்டுபோவது தமனி, உள்ளே கொண்டுவருவது சிரை. ஆகவே நுரையீரல் தமனியில் ஆக்சிஜன் குறைந்த இரத்தம்தான் ஓடும் என்று மறுநாள் திருத்தி நடத்தினேன். அந்த மாணவியின் மூன்றாவது தாளில் வட்டம் இல்லை. ஈரிதழ் வால்வு மட்டும் இன்னும் சிவப்பில்தான் இருக்கிறது.