சாத்துக்குடி: பிழிந்து குடிப்பதா, உரித்துத் தின்பதா?

பழத்தில் இருக்கிற நன்மை ஜூஸிலும் இருக்கிறதா என்று பேசச் சொன்னீங்க. நான் டாக்டர் இல்லீங்க. எங்க வீட்டில் நடந்ததையும், அதற்குப் பிறகு கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதையும் சொல்கிறேன்.

எங்க அத்தைக்கு எட்டு வருசமாகச் சர்க்கரை நோய். போன வருசம் காய்ச்சலில் படுத்தபோது, பார்க்க வந்த ஒறம்பரை எல்லாம் பை பையாகச் சாத்துக்குடி கொண்டு வந்தாங்க. காய்ச்சல் போச்சு, ஜூஸ் பழக்கம் போகவில்லை. தினமும் பதினொரு மணிக்கு ஒரு டம்ளர். மாத்திரை அதே மாத்திரை, சோறு அதே சோறு. ஆனா ரெண்டு மாசத்தில் சுகர் ஏறிப்போச்சு. "ஏங்கண்ணு, ஒரு சிட்டிகை சக்கரைகூடப் போடாமத்தானே குடிக்கிறேன்?" என்று அத்தை கேட்டாங்க. எனக்கும் பதில் தெரியவில்லை.

ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸம்மா கேட்டது ஒரே கேள்வி: "ஒரு டம்ளருக்கு எத்தனை பழம் பிழியறீங்க?"

மூணு பழம். அன்றைக்குத்தான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 200 மில்லி சாத்துக்குடிச் சாற்றில், நாம் எதுவும் போடாமலே, சுமார் 16 கிராம் சர்க்கரை இருக்கும். ஏறக்குறைய நாலு டீஸ்பூன். அத்தையை உரித்துத் தின்னச் சொன்னால் ஒரு பழத்தோடு "போதும் கண்ணு" என்று கையைத் துடைத்துக்குவாங்க. மூணு பழத்துச் சர்க்கரையை ரெண்டு நிமிசத்தில் உள்ளே அனுப்ப ஜூஸால்தான் முடியும்.

அப்போ நார்ச்சத்து எங்கே போச்சு? வடிகட்டியிலும் குப்பைக் கூடையிலும்தாங்க. ஒரு சுளையைப் பிரித்துப் பாருங்க. மெல்லிய தோல், அதற்குள்ளே குட்டிக் குட்டிப் பைகள், அதில்தான் சாறு. அந்தத் தோலும் பைகளும்தான் நார்ச்சத்து. சர்க்கரை அதற்குள்ளே அடைபட்டு இருக்கிறது. மென்று தின்னும்போது நேரம் எடுக்கும், வயிறும் நிறையும், சர்க்கரை மெதுவாக இறங்கும். பிழிந்து வடிகட்டினால் சக்கை வெளியே, சர்க்கரை டம்ளருக்குள்ளே. வைட்டமின் சி பெரும்பாலும் சாற்றோடு வந்துவிடும் என்பதும் உண்மைதான். ஆனால் அது பழத்திலும் இருக்கிறதே!

இங்கிலாந்தில் பிரிஸ்டல் ஊர் மருத்துவர்கள் 1977-ல் இதைச் சோதித்து வெளியிட்டாங்க. சர்க்கரை நோய் இல்லாத பத்துப் பேருக்கு ஆப்பிளை முழுதாக ஒரு நாள், அரைத்த கூழாக ஒரு நாள், ஜூஸாக ஒரு நாள் கொடுத்தாங்க. சர்க்கரை அளவு மூன்றிலும் ஒன்றே. முழுப் பழம் தின்ற நேரத்தில் பதினொன்றில் ஒரு பங்கு நேரத்திலேயே ஜூஸ் காலி. வயிறு நிறைந்த உணர்வு முழுப் பழத்தில் அதிகம், கூழில் நடுத்தரம், ஜூஸில் குறைவு. ரத்தச் சர்க்கரை மூன்றிலும் ஒரே மாதிரிதான் ஏறியது. ஆனால் ஜூஸுக்கு உடம்பு கூடுதல் இன்சுலின் சுரக்க வேண்டியிருந்தது. பிறகு சர்க்கரை கீழே இறங்கியும் போனது.

இதில்தான் நமக்குப் பாடம். நல்ல உடம்பு கூடுதல் இன்சுலினைச் சுரந்து சமாளித்துக்கொள்ளும். எங்க அத்தை மாதிரி சர்க்கரை நோய்க்காரங்க உடம்பில் அதற்கு வழியில்லை.

"மிக்ஸியில் அடித்து, வடிகட்டாமல் குடிச்சா?" என்று கேப்பீங்க. பிழிந்ததைவிட அது மேல். நார் உள்ளேயே இருக்கும். ஆனால் கத்தி பட்டு நார் பொடிப்பொடியாகிவிடும், மெல்லுகிற வேலையும் இல்லை. கூழ் மாதிரி, நடுவில்தான் நிற்கும்.

பாக்கெட் ஜூஸைப் பற்றியும் ஒரு வார்த்தை. கெட்டிச் சாற்றில் தண்ணீர் கலந்து செய்யும் ஜூஸுக்கு "100 சதவீதப் பழச்சாறு" என்று போடக்கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 ஜூனில் உத்தரவு போட்டது. முன்பக்கத்துப் பழப் படத்தைப் பார்க்காமல், பின்பக்கம் சர்க்கரை எத்தனை கிராம் என்று பாருங்க. நாலு கிராம் ஒரு டீஸ்பூன் என்று வைத்துக்குங்க.

ஒரு இடத்தில் மட்டும் ஜூஸ்தான் கை கொடுக்கும். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவங்களுக்குத் திடீரென வேர்த்து, கை நடுங்கி, தலை சுற்றினால் அது சர்க்கரை இறங்கியதாக இருக்கலாம். நினைவோடு இருந்தால் உடனே முக்கால் டம்ளர் ஜூஸ் கொடுங்க. வேகமாக ஏறுவதுதான் அப்போது மருந்து. நினைவு தப்பியவங்க வாயில் எதையும் ஊற்றாதீங்க, 108-ஐக் கூப்பிடுங்க.

இப்போ பதினொரு மணிக்கு அத்தைக்கு ஒரே ஒரு சாத்துக்குடி, இல்லைன்னா சிங்காநல்லூர் உழவர் சந்தையில் வாங்கின செங்காய் கொய்யா ஒன்று. மாத்திரை நிற்கவில்லை, நிறுத்தவும் கூடாது. ஏறின சுகர் பழைய இடத்துக்கு இறங்கிருச்சு. அடுத்த கூட்டத்துக்குப் பாக்கெட் ஜூஸ் வாங்குகிற காசுக்குக் கொய்யா வாங்கிக்கலாமுங்க. நறுக்குகிற வேலையை எங்க குழு பார்த்துக்கும்.