சாங் ஃபெய்யின் தாய் யார்?

சீனாவின் சியாங்ஷெங் மேடை உரையாடல்கள் சிலவற்றையாவது கேட்டிருப்பீர்கள். ஒருவர் அளந்துகொண்டே போவார். மற்றவர் கேள்வி கேட்டு அவரை மடக்குவார். சிரிப்பு வெடிக்கும் இடத்தை அக்கலைஞர்கள் பாவ்ஃபு என்பார்கள், அதாவது துணிமூட்டை. மூட்டையைப் பொறுமையாகக் கட்டி, ஒரே உதறலில் அவிழ்க்க வேண்டும். தமிழில் சொல்லுக்குச் சொல் பெயர்த்துவிட்டு விளக்கத்தைப் பக்கத்தில் வைக்கும் பழக்கம் இந்த உதறலைத்தான் கெடுக்கிறது.

மூன்று ராச்சியக் கதையைக் கோணலாக வியாக்கியானம் செய்யும் பழைய உரையாடல் ஒன்று உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். முரட்டு வீரன் சாங் ஃபெய்யின் தாய் பெயர் தனக்குத் தெரியும் என்கிறார் அளப்பவர். நாவலில் அது இல்லையே, ஆதாரம் என்ன என்கிறார் மற்றவர். ‘வூ ஷி ஷெங் ஃபெய்’ என்று பதில் வருகிறது. காரணமே இல்லாமல் வம்பு வளர்ப்பதைச் சொல்லும் அன்றாட மரபுத்தொடர் அது. ஆனால் அதே ஒலிகள், தொனிகூட மாறாமல், ‘வூ வீட்டுப் பெண் ஃபெய்யைப் பெற்றாள்’ என்றும் பொருள் தரும். ஊரே தினமும் சொல்லும் தொடர் வரலாற்றுச் சான்றாகிவிடுகிறது. வம்புக்காரனுக்கு வம்பைப் பற்றிய தொடரே சான்றாவது கூடுதல் அழகு.

இதைத் தமிழில் ‘காரணமின்றி வம்பு பிறக்கும்’ என்று பெயர்த்தால் பொருள் வரும், தாய் வரமாட்டாள். நமக்கு வேண்டியது நம் வீட்டில் புழங்கும் ஒரு தொடர். அடங்காத பிள்ளையை ‘சும்மா பேயாட்டம் ஆடாதே’ என்று அதட்டுகிறோம் அல்லவா? அளப்பவர் அதைப் பிரித்துக் காட்டட்டும்: “சு வீட்டு அம்மா, சும்மா! அவள் மகன் ஆடிய ஆட்டம், ஃபெய்யாட்டம்!” சு என்பதும் சீனக் குடும்பப் பெயர்தான். தாய் இருக்கிறாள், மகன் இருக்கிறான், முரட்டுத்தனமும் இருக்கிறது.

மூலத்தில் வூ இருக்க, சு எப்படி வரலாம் என்று கேட்கலாம். அந்த வூ வரலாற்றுத் தகவல் அல்ல. ஒலிக்காகப் பிறந்த பொய். அதைக் காப்பாற்றிச் சிரிப்பை இழப்பது விசுவாசம் ஆகாது. அடிக்குறிப்பு போதாதா என்றால், புத்தகத்தில் ஆராய்ச்சியாளருக்குப் போதும். மேடையிலோ வானொலியிலோ விளக்கம் முடிவதற்குள் மற்றவர் அடுத்த கேள்விக்குப் போயிருப்பார். மீண்டும் சொல்கிறேன்: உதறல் ஒரே உதறலாக இருக்க வேண்டும்.

எல்லாவற்றையும் இப்படி மாற்றவும் கூடாது. ஹோ பாவ்லின் புகழ்பெறச் செய்த ‘குவான் கோங் – சின் சியோங் போர்’ உரையாடலில் சிரிப்பு காலக்குழப்பத்தில் இருக்கிறது. ஏறத்தாழ நானூறு ஆண்டு இடைவெளியில் வாழ்ந்த இரு வீரர்களை மேடையில் மோதவிடச் சொல்லி அடம்பிடிக்கிறார், அதிகாரத்தில் இருப்பவரின் தந்தை. அங்கே நேர் மொழிபெயர்ப்பே போதும். சிரிப்பு ஒலியில் இருக்கிறதா, நிலைமையில் இருக்கிறதா என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும். ஒலியில் இருந்து, ஈடான தமிழ்த்தொடரும் அகப்படாவிட்டால், அந்த இடத்தை விட்டுவிட்டு அருகில் தமிழே தரும் வேறொரு மூட்டையைக் கட்டுவது நல்லது.