தலையிடிக்கு முன் வரும் ஆசை



மைக்ரேன் எனப்படும் ஒற்றைத் தலையிடி பெண்களையே அதிகம் வருத்துகிறது. அதனால் இந்த மண்டபத்திலும் அதை அறிந்தவர்கள் பலர் இருப்பீர்கள்.

என்னிடம் வந்த ஓர் ஆசிரியை, "சொக்லேட் சாப்பிட்டால் மறுநாள் தலையிடிதான் டொக்டர். ஆனாலும் ஆசையை அடக்க முடியவில்லை" என்றார். மகளின் பிறந்தநாள் கேக்கைக் கூடத் தொடமாட்டார். தலையிடி வந்தால் தன் வாயைத்தான் நொந்துகொள்வார்.

ஒரு கொப்பியில் மூன்று மாதம் எழுதச் சொன்னேன். தலையிடி வந்த நாளை மட்டுமல்ல, சொக்லேட் சாப்பிட்ட ஒவ்வொரு நாளையும் நேரத்தோடு குறிக்க வேண்டும். கொட்டாவி, கழுத்து இறுக்கம் இருந்தால் அவற்றையும் எழுத வேண்டும்.

அவர் சொக்லேட் சாப்பிட்டது 11 நாட்கள். தலையிடி தொடர்ந்தது நான்கில் மட்டும். அந்த நான்கு நாட்களிலும் சொக்லேட்டைத் தொடுவதற்கு முன்பே, மத்தியானத்திலிருந்து ஓயாத கொட்டாவியும் கழுத்து இறுக்கமும் இருந்தன. மற்ற ஏழு நாட்களில் யாரோ கொடுத்ததைச் சாப்பிட்டார். கொட்டாவியும் இல்லை, தலையிடியும் இல்லை.

அதாவது சொக்லேட் தலையிடியைக் கொண்டுவரவில்லை. தொடங்கிவிட்ட தலையிடிதான் சொக்லேட்டைக் கேட்டது. வலிக்குப் பல மணி நேரம் முன்பே மூளையில் ஹைப்போதலமஸ் என்னும் பகுதி தூண்டப்படுவதை ஸ்கேன்கள் காட்டியுள்ளன. பசியையும் தூக்கத்தையும் ஆள்வது அதுவே.

1997இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் தலையிடியுள்ள 63 பெண்களுக்குச் சொக்லேட்டையும், அதே சுவையுள்ள கரோப்பையும் எது எதுவென்று தெரியாமல் கொடுத்தார்கள். சொக்லேட் கரோப்பைவிட அதிகமாகத் தலையிடியைத் தரவில்லை.

நாட்பட்ட சீஸில் உள்ள டைரமினுக்கும் உறுதியான சான்று கிடைக்கவில்லை. ஆனால் எம்.ஏ.ஓ. தடுப்பான் என்ற வகை மனச்சோர்வு மருந்து எடுப்பவர்கள் அந்தச் சீஸைத் தவிர்த்தே ஆகவேண்டும். அவர்களுக்கு இரத்த அழுத்தம் ஆபத்தாக ஏறிக் கடும் தலையிடி வரலாம். அஜினமோட்டோவை வெறும் வயிற்றில் பெரிய அளவில் கரைத்துக் குடித்த ஆய்வுகளில் சிலருக்குத் தலையிடி வந்தது. சமையலில் சேரும் அளவில், உணவோடு உண்ணும்போது, அப்படி உறுதியாகக் காணப்படவில்லை.

ஒருவருக்கு ஓர் உணவு உண்மையாகவே ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம். ஆனால் அதைச் சொல்லவேண்டியது கொப்பி; ஞாபகம் அல்ல. சாப்பிட்டும் தலையிடி வராத நாட்களை ஞாபகம் வைத்திருப்பதில்லை.

கொட்டாவியோடு இனிப்பாசை வந்தால் அதை முன்னறிவிப்பாக எடுங்கள். சாப்பாட்டைத் தவறவிடாதீர்கள், பட்டினி தலையிடியைத் தூண்டக்கூடியது. மருந்தைக் கைப்பையில் வையுங்கள். வலி தொடங்கியவுடன் எடுத்தால்தான் அது நன்றாக வேலை செய்யும்.

அந்த ஆசிரியைக்குத் தலையிடி இன்னும் வருகிறது. ஆனால் மருந்தை நேரத்தோடு எடுக்கிறார். இந்த வருடம் மகள் ஊட்டிய கேக்கையும் சாப்பிட்டார்.